கற்பனைச் சம்பவங்கள் இரண்டு

"இது ஆரின்ரை வீட்டுக் கதை, ரீச்சர்?"

லயனல் சேர் மேசையில் தட்டினார். ஓய்வுபெற்ற அதிபர், பல்சமயக் கல்விக் குழுவின் தலைவர். அந்தக் கை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"ஒருத்தரின்ரையுமில்லை, சேர். கற்பனை," என்றார் சுகிர்தம் ரீச்சர்.

கருக்கலைப்பு, கருணைக்கொலை பற்றிச் சமயங்கள் என்ன சொல்கின்றன? உயர்தர வகுப்புக்காக அவர் ஒரு பாடப் பொதி எழுதியிருந்தார்; கடைசியில் கலந்துரையாட இரண்டு சம்பவங்கள். எந்தப் பக்கமும் சாயவில்லை. அதனால் எல்லாப் பக்கத்துக்கும் கோபம்.

"சமயக் கருத்துகளிலை பிழையில்லை," என்றார் சைவப் பிரதிநிதி செல்வரட்ணம். "கருவை அழிக்கிறது பெரும்பாவம், தாயின்ரை உயிருக்கு ஆபத்தெண்டால் தாய்தான் முதல். எங்கடை ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் சொல்லுவினம். கத்தோலிக்கர் நேரடிக் கருக்கலைப்பை ஒரு காரணத்துக்கும் ஏற்கிறதில்லை."

"எங்கடை மெதடிஸ்த சபையிலை கனபேர், அது பாரதூரமான விசயம், ஆனா சில இக்கட்டுகளிலை குறைந்த தீமை எண்டு பொறுக்கலாம் எண்டுவினம்," என்றார் லயனல் சேர். "நான் அதையும் ஏற்கேல்லை. அது கிடக்கட்டும். இந்தச் சம்பவங்கள் எதுக்கு?"

முதலாவது சம்பவம்: கோப்பாயில் ஒரு கர்ப்பிணி. வயிற்றுப் பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை. பிறந்தாலும் தங்காது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே இலங்கைச் சட்டம் கருக்கலைப்புக்கு இடம் கொடுக்கிறது. குடும்பம் அவளை இந்தியாவுக்குக் கூட்டிப்போகிறது. சரியா?

இரண்டாவது: மூளை மோசமாகச் சேதமடைந்த ஒரு தாய். இனி நினைவு திரும்பாது என்கிறார்கள் வைத்தியர்கள். சுவாச மெசினை எடுக்க மகன் சம்மதிக்கிறான். அது கொலையா?

"எங்கடை பக்கத்திலை உதெல்லாம் நடக்கிறதில்லை. வெட்டுங்கோ," என்றார் லயனல் சேர். செல்வரட்ணம் ஆமோதித்தார். கத்தோலிக்கப் பங்குச் சபையைச் சேர்ந்த சிமியோனும் தலையாட்டினார்.

கூட்டம் முடிந்து வாசலுக்கு வருவதற்குள் லயனல் சேர் பின்னால் வந்துவிட்டார்.

"எங்கடை ஊர் மானிப்பாயைக் கோப்பாய் எண்டு மாத்தினால் எங்களுக்கு விளங்காதோ? என்ரை மகள் ஷாமினி இந்தியாவுக்குப் போனது சீலை எடுக்க!"

"நான் ஒண்டும் கேக்கேல்லையே, சேர்."

பின்னேரம் செல்வரட்ணம் போன் எடுத்தார்.

"ரீச்சர், கோப்பாயெண்டு எங்கடை ஊரின்ரை பேரையே போட்டிட்டியளே! என்ரை மருமகள் இனி எப்பிடித் தலை நிமிர்ந்து திரியிறது?"

சுகிர்தம் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பொதியைக் கனபேர் வாசிச்சிட்டினம். இப்ப வெட்டினால்தான் ஆரின்ரை கதையெண்டு தேடுவினம்."

மறுநாள் பாடசாலைக்குச் சிமியோன் வந்தார். கோபமாக வரவில்லை.

"தாயெண்டு மாத்தினது நல்லம், ரீச்சர். ஆனா அது என்ரை மனுசி மரியநாயகிதானே?"

"இல்லை அண்ணை. எனக்கு உங்கடை மனுசியைப் பற்றித் தெரியாது."

அவர் நம்பவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவுமில்லை.

"மெசினை எடுங்கோ எண்டு சொன்னது நான். அதுக்குப் பிறகு நான் பூசையிலை நற்கருணை எடுக்கிறதில்லை. கோயில்லை கடைசி வாங்கிலை இருப்பன். சனம் அதைத் தாழ்மையெண்டு நினைக்குது." பொதியை எடுத்து மேசையில் வைத்தார். "கத்தோலிக்கப் பக்கத்திலை நீங்கள் எழுதினது உண்மையோ?"

சுகிர்தம் அதை மெதுவாகச் சொன்னார்:

"ஓம். சாகவேணுமெண்டு ஊசி போடுறது கருணைக்கொலை. அதைத் திருச்சபை ஏற்காது. பலனில்லாத, நோயாளியால தாங்கேலாத வைத்தியத்தை நிப்பாட்டுறது அதில்லை. அது சாவை ஏற்றுக்கொள்ளுறது. பராமரிப்பையும் வலி குறைக்கிற மருந்தையும் மட்டும் கைவிடக்கூடாது."

"கடைசிமட்டும் அவளின்ரை வாயை நனைச்சுக்கொண்டுதான் இருந்தனான்," என்றார் சிமியோன்.

"நான் மெதடிஸ்த ஆள், அண்ணை. உங்கடை பங்குச் சுவாமியாரிட்டையும் ஒருக்காப் போய்க் கதையுங்கோ."

அடுத்த கூட்டத்தில் சிமியோன்தான் முதலில் வாய் திறந்தார்.

"சம்பவங்கள் இருக்கட்டும். பிள்ளையள் இப்பவே படிக்கட்டும்."

"எனக்கும் அதுதான் சரியெண்டு படுது," என்றார் செல்வரட்ணம், அவசரமாக.

லயனல் சேர் தொண்டையைச் செருமினார்.

"சரி. ஆனா கீழை ஒரு குறிப்புப் போடுங்கோ, ரீச்சர். இவை வெறும் கற்பனை, எங்கடை சமூகத்தில இப்பிடி ஒரு குடும்பமும் கிடையாது எண்டு."

மூவரின் கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

சுகிர்தம் ஒருவரின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.