நாளைக்கு டெஸ்ட் இருக்குதா?

வல்லத்திலிருந்து வரும் பஸ் தாமதமானால், செஞ்சிப் பள்ளி வாசலில் மகள் யாழினியை யார் பார்த்துக்கொள்வது? வல்லத்தில் வேலை பார்க்கும் ஜினப்பிரியாவுக்கு விடை கிடைக்கவில்லை.

“வேலையை விட்டுடு,” என்றான் கணவன் சதீஷ்.

“முடியாது. வாசல்லயே ஒரு ஆளைப் பழக்கம் பிடிச்சுக்கிறேன், பாருங்க.”

மற்ற அம்மாக்களை வீட்டுக்குக் காபி குடிக்கக் கூப்பிட்டாள். சிரித்துவிட்டு நழுவினார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு அந்த அழைப்பு பெரிய சுமை என்று புரிந்தது.

மறுநாளிலிருந்து கேட்டுக்கு இடப்பக்கமே நின்று, யாழினியின் வகுப்புத் தோழி ஆலியாவின் அம்மா ஹபீபுன்னிசாவிடம் தினமும் கேட்டாள்: “நாளைக்கு டெஸ்ட் இருக்குதாக்கா?”

மூன்றாம் வாரம் பஸ் அரைமணி தாமதம். பதறி ஓடிவந்தாள். காலியான வாசலில் ஆலியாவும் யாழினியும் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஹபீபுன்னிசா காவலுக்கு நின்றாள்.

“நாளைக்கு டெஸ்ட் இல்ல யாழினி அம்மா. ஆனா அது உனக்குத் தெரியுமே! மூணு மணிக்கே வாட்ஸ்அப் குரூப்புல மிஸ் டெஸ்ட் விவரம் போட்டதும் ‘ஓகே மிஸ்’னு முதல்ல போடுறதே நீதானே?”

ஜினப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தெரிஞ்சுமா தினமும் பதில் சொன்னீங்க?”

“எனக்கும் பேச ஆளு வேணாமா?”

வீட்டில் சதீஷ் வியந்தான். “ஆளை எப்படிப் பிடிச்ச?”

“பதில் தெரிஞ்ச சின்னக் கேள்வியை, ஒரே இடத்துல நின்னு, ஒரே ஆளுகிட்ட தினமும் கேட்டேன். வேலையை விட மாட்டேன்.”