பெட்டிமேல் இருந்த நிறம்

"'இது செம்பழுப்பு இல்லை, கேரட்'னு போடுடி!"

மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்த மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். தலைச்சாயக் கம்பெனிக்குப் புகார் எழுதுகிறார்களாம், அம்மாவும் மகளும்!

அம்மா ஜன்னலோரம் நின்றாள். வெயில் பட்டதும் நரைத்திருந்த இடமெல்லாம் ஆரஞ்சாக மின்னியது. கறுப்பு மிச்சமிருந்த இடமோ துளியும் அசைந்து கொடுக்கவில்லை. அவள் கையில் சாயப்பெட்டி. காலங்காலமாக மாறாத அதே படம்: முகம் தெரியாமல் திரும்பி நிற்கும் ஒரு பெண், முதுகு நிறைய முடி. கனவில் நிற்பவளைப் போல அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மின்னஞ்சலில் பதில் வந்தது.

"கேள்வியா கேட்டிருக்காங்கம்மா. பேட்ச் நம்பர்?"

"பெட்டி மூடியில இருக்கு பாரு. ட்யூப் அடியிலயும் அதேதான்."

"க்ரீமும் டெவலப்பரும் அளவா கலந்தியா?"

"சொட்டு கூடல, குறையல."

"முன்னாடி மருதாணி, வேற சாயம்?"

"எதுவும் கிடையாது."

"ஒரு கொத்து முடியில போட்டுப் பாத்தியா?"

"பாத்தேனே, காதுக்குப் பின்னாடி. ஒண்ணும் தெரியல, சரின்னு முழுசும் பூசிட்டேன்."

"அங்க கறுப்பு முடிம்மா! நரையிலதானே போட்டுப் பாக்கணும்?"

அம்மா அசடு வழிந்தாள். மகள் மீதியைப் படித்தாள். சாயம் கறுப்பை வெளுக்காதாம். நரையில்தான் பளிச்சென்று ஏறுமாம். பாதிக்கு மேல் நரைத்திருந்தால் இயற்கைப் பழுப்புச் சாயத்தையும் சேர்த்துக் கலக்க வேண்டுமாம். கடைசியில் ஒரு வரி: 'பெட்டியிலுள்ள படம் எங்கள் சாயத்தைப் பூசி எடுத்தது. எனவே நிறத்தில் தவறில்லை.'

"விடும்மா. இந்த வயசுல மாடல் மாதிரி முடி வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிற! நெஜத்துல யாருக்கு இப்படி இருக்கும்?"

"ஒரே ஒரு தடவை கண்ணாடியில அந்த நிறத்தைப் பாக்கணும்டி. வேற ஒண்ணும் வேண்டாம்."

மகளுக்கு மனசு கேட்கவில்லை. கேலி செய்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"சரி, என்ன பதில் போடட்டும்?"

"'படம் உங்கள் சாயம் பூசி எடுத்தது இல்லை'னு போடு."

"அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா படத்திலிருந்த முடியை விரலால் மெதுவாகத் தடவினாள்.

"கல்யாணத்துக்கு முந்தி, ஒரு மத்தியானம். அப்பல்லாம் என் முடி இவ்ளோ கறுப்பு கிடையாது. ஸ்டூடியோவுக்குச் சாயமே வந்து சேரல. 'பரவால்ல, உங்க முடியோட சொந்த நிறமே போதும், அப்படியே திரும்பி நில்லுங்க'ன்னாங்க. நின்னேன்."