ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டு

ரத்தம் பரிசோதிக்கும் லேபில், 'கதவை இழுத்துச் சாத்தவும்' என்று ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் பழைய சீட்டைப் படமெடுத்து, அதை எழுதியவனுக்கே அனுப்புகிறாள் டெக்னீஷியன். அவன் வேலை மாறிப்போய் ஆறேழு வருஷம், போனில்கூடப் பேசிக்கொண்டதில்லை. "உன் கையெழுத்து இன்னும் அழியல தம்பி. சும்மாதான் அனுப்பினேன், பதில் போடணும்னு இல்ல." உடனே நீல டிக் விழுகிறது. கண்ணாடிக் குழாய்களில் வெயில் ஏறுகிறது. ஃப்ரிட்ஜ் உறுமி அடங்குகிறது. "சொல்லுங்கக்கா, என்ன உதவி வேணும்?" 'ஒண்ணும் வேணாம்ப்பா' என்று அடித்த விரல் அனுப்பாமல் நிற்கிறது. படத்துக்கு நேர் மேலே, ஐந்து வருஷத்துக்கு முன் அவன் அனுப்பியது அப்படியே கிடக்கிறது: "அக்கா, இங்க வேலை போயிடுச்சு. அங்க திரும்பச் சேர்த்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?" அதற்கு அவள் பதிலென்று இருப்பது இன்றைய இந்தப் படம்தான்.