ஆளுக்கு ஒரு பங்கு

"அப்பா அம்மாவோட நாப்பதாவது கல்யாண நாளுக்கு மலை டிரிப், மொத்தம் ஒரு லட்சம். சமமா பிரிச்சா கடைக்குட்டி தாங்க மாட்டான். சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி போடுவோமா?" மூன்று ஊர்களிலிருந்து பிள்ளைகள் போனில் கூடியிருக்க, டீச்சரான மகள் கேட்டாள்.

"எனக்கு அம்பது. ஜுஜுபி!" என்றான் இன்ஜினியரான மூத்தவன்.

"எனக்கு முப்பது. தம்பி, உனக்கு இருபதாயிரம். முடியுமாடா?"

"சமாளிச்சுடுவேன்கா," என்றான் துணிக்கடையில் வேலை பார்க்கும் கடைக்குட்டி.

இரண்டே நாளில் மூன்று பங்கும் மகளின் கணக்குக்கு வந்தன. டிக்கெட்டும் ரூமும் புக் ஆயின.

கிளம்பும் நாளில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம காசு ஒரு பைசா இல்ல, பாத்தீங்களா! எல்லாம் புள்ளைங்க போட்டது."

அப்பா பெட்டியை அழுத்தி மூடினார். மூவருமே அவரைத் தனித்தனியாக அழைத்திருந்தார்கள்.

"வேலை போய் மூணு மாசமாச்சுப்பா. தங்கச்சிக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

"என் சம்பளம் மொத்தமும் அவர் கையிலப்பா. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"முடியாதுன்னு அக்காகிட்ட எப்படிப்பா சொல்றது?"

மூவருக்கும் அப்பாதான் பணம் அனுப்பியிருந்தார்.

"என்னங்க, என் செயினை எடுங்க. போட்டோவுல கழுத்து மொட்டையா இருந்தா புள்ளைங்களுக்குத்தான் அசிங்கம்," என்று அம்மா சாவியை நீட்டினாள்.

அப்பா பீரோவைத் திறந்து, அடகுக் கடைக்குப் போய்விட்ட செயினைத் துழாவித் தேட ஆரம்பித்தார்.