பரமக்குடிக்குப் பிறகு வரும் பாட்டு

எங்கள் அய்யா லாரியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலேயே இறங்கினார்.

"பாட்டு ஏறிருச்சா ஜெப்சி? பின்னால மீனு கிடக்கு, ஐஸ் உருகுது."

ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் மெமரி கார்டை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

அய்யாவுடையது பழைய பட்டன் போன். பாட்டென்றால் எம்பி3 மட்டும்தான் அதற்குப் பாட வரும். நான் இறக்கிய பாட்டுகள் வேறு வகை. முதலில் கோப்புப் பெயரின் வாலை மட்டும் மாற்றிப் பார்த்தேன், போன் ஏமாறவில்லை. பிறகு அண்ணனின் லேப்டாப்பில் ஒவ்வொன்றாக எம்பி3 ஆக்கினேன்.

அந்தப் போன் பெயர் வரிசையையும் மதிக்காது. கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். அதனால் வரிசை பார்த்து ஒவ்வொரு பாட்டாக ஏற்றினேன். அக்காள்மடத்திலிருந்து பாம்பன் பாலம் வரை சர்ச்சில் பாடும் வேதப் பாட்டு. உச்சிப்புளி தாண்டினால் காதல் பாட்டு. பரமக்குடிக்குப் பிறகு முழுக்கக் குத்துப் பாட்டு. அங்கேதான் அய்யாவுக்குக் கண் சொருகும். போன மாதம் ஒருநாள் வண்டி சாலையை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது என்று அவர் யாரிடமோ சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

கார்டைப் போட்டு, லிஸ்டைப் புதுப்பித்து, போனைக் கொடுத்தேன். அய்யா பட்டனை அமுக்கி லிஸ்டில் கீழே இறங்கிக்கொண்டே போனார். நின்றார். திரும்ப மேலே வந்தார்.

"பேரில்லாம வெறும் நம்பரா இருக்குமே, அதெல்லாம் எங்க?"

அதை நான்தான் அழித்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டின் இடத்தைக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அழகான வரிசைக்கு நடுவில் வெறும் நம்பர்கள் அசிங்கமாக இருந்தன.

அய்யா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது ஒங்க அம்மா, பிள்ள."

லோடு விஷயத்துக்காக எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தாராம். லிஸ்டைப் புதுப்பித்தபோது, அம்மா போனில் திட்டியதையும் பாட்டு என்று அது சேர்த்துக்கொண்டதாம். ஒருநாள் பரமக்குடி தாண்டி, தலை தொங்கிய நேரத்தில், ஒரு பாட்டு முடிந்ததும் அம்மாவின் குரல் வந்ததாம்.

"மதுர வரைக்கும் கண்ணு சிமிட்டலயே நானு! குத்துப் பாட்டெல்லாம் எனக்கு தாலாட்டு பிள்ள. எடுத்துக் குடு" என்றார் அய்யா.

கார்டில் அழித்தது லேப்டாப்பின் குப்பைத்தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும் என்று மாலை கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அழித்த இடத்தின் மேலேயே புதுப் பாட்டுகளையும் எழுதிவிட்டேன். இனி மீட்க வழியில்லை.

புதிதாகப் பதிவு செய்வது ஒன்றே வழி.

அய்யாவிடமிருந்து போனைத் திரும்ப வாங்கி, ரெக்கார்டரை ஓடவிட்டு, துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னால் கோபம் வரும் என்று யோசித்தேன். பொய் சொல்ல எனக்கு வராது. ஆனால் லாரி கிளம்பப்போகிறது.

"அம்மா, அய்யா டிபன் கேரியர மறுபடியும் எங்கனயோ விட்டுட்டு வந்துட்டாராம்."

"மறுபடியுமா! போன வாட்டி கொல்லத்துல, அதுக்கு முந்தி தூத்துக்குடியில! கேரளாக்காரன் பூராவும் என் பாத்திரத்துலதான் சோறு திங்கிறான்! ஒருநா லாரியவே எங்கனயாவது நிறுத்திட்டு பஸ்ஸுல வந்து இறங்கப்போறாரு, பாத்துக்கிட்டே இரு! யோவ், ஒம்மத்தான்யா, காதுல விழுகுதா?"

ஓலைப்பாயில் காய்ந்த மீனைக் கொத்த வந்த காக்கைகள் பறந்தன. எனக்கே தூக்கம் என்றால் என்னவென்று மறந்துபோனது.

அம்மா சட்டென்று நிறுத்தினாள். வாசலை எட்டிப் பார்த்தாள். அய்யா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் கையால் என் துப்பட்டாவை விலக்கினாள்.

"துணிக்குள்ள வச்சா எப்படி விழுகும்? கிட்டக்கப் பிடி. பழசுல பாதி எஞ்சின் சத்தத்துல அமுங்கிப்போச்சு. அவரு குளிக்கப் போனப்ப எடுத்துக் கேட்டேன்."

ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தி அழித்தேன்.

"எனக்குத் தெரியும்னு அவருகிட்ட மூச்சு விடாத. வேணும்னேதான் திட்டுறேன்னு தெரிஞ்சா பயம் போயிரும். பயம் போனா தூங்கிருவாரு."

நான் ரெக்கார்டரைப் புதிதாக ஓடவிட்டதும், அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.