வெட்டு வாங்கிய வணக்கம்

"என் காலை வணக்கத்தைப் படிச்சு ஒரு கற்சிலையே கொட்டாவி விட்டு எழுந்துச்சு, தெரியுமா?" சலூன் நாற்காலியில் உட்கார்ந்து அளந்தார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்.

"அளக்காதடா," என்றார் சலூன்காரர், சிரிக்காமல்.

"மனசு நொந்த சிநேகிதனுக்கு அனுப்பணும். கேளு. 'காலை வணக்கம். தூங்கினியா? அடுத்து என்ன பண்ணப்போறே?'"

"கேள்வி வேணாம். பதில் சொல்றது அவனுக்கு இன்னொரு பாரம்."

"'எல்லாம் சரியாயிடும்'?"

"உனக்கெப்படித் தெரியும்? வெட்டு."

"'தைரியமா இரு'?"

"உபதேசம். அதையும் வெட்டு."

ஸ்டேஷன் மாஸ்டர் புதிதாய்த் தட்டி அனுப்பினார். கண்ணாடியருகே சலூன்காரரின் போன் கிணுகிணுத்தது.

'காலை வணக்கம்டா. கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டா என்ன, என் முடி எப்பவும் உன் கையிலதான். பதில் போடாதே.'

சலூன்காரர் நாற்காலியில் பளபளத்த சிநேகிதனின் முழு வழுக்கையைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு வெடித்துச் சிரித்தார்.

"சரிடா, ஒத்துக்கறேன். கல்லு எழுந்திருச்சு!"