அரை மார்க்

"ஒத்த வார்த்தையில அரை மார்க் போச்சாக்கும்?" என்றபடி ராக்காயி சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் விடைத்தாளை விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இசைவாணி தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து, வாயில் வைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

முந்தாநாள் நடந்த இங்கிலீஷ் தேர்வு. குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். மூன்றாவது வாக்கியம், 'மை ஃபாதர் வாஸ் எ டிரைவர்.' டீச்சர் 'வாஸ்' மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'இஸ்' என்று திருத்தியிருந்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா கலைமதி வேகமாக வந்தாள். "அத இங்க குடுங்க அத்தே. சாப்புடுறப்ப எதுக்குப் பரீட்சப் பேப்பரு?"

"இரு. பாத்துட்டுத் தாரேன்."

மாமியாரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. புதுக்கோட்டை டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். அங்கே பேசிப் பழகிய இங்கிலீஷ்தான், ஆனாலும் தப்பு வராது. சாயங்காலமானால் "ஆத்மநாதன் மஸ்கட்லேருந்து பேசுனானா?" என்று மகனைப் பற்றி மருமகளைத் துளைத்தெடுப்பவள், பத்து நாளாக அதைக் கேட்கவில்லை. அதுவரைக்கும் நிம்மதி என்று கலைமதி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா இப்ப என்ன செய்றா? சொல்லு ஆத்தா."

"மை மதர் இஸ் ஸ்டாண்டிங் ஹியர்."

"நாம ரெண்டு பேரும்?"

"வீ ஆர் சிட்டிங் ஹியர்."

"நேத்து இந்நேரம்?"

"வீ வேர் சிட்டிங் ஹியர்."

தடுமாற்றமே இல்லை. இப்போது நடப்பது, நேற்று நடந்தது, ஒருவர், பலர் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. ராக்காயி தாளை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"தாத்தா?"

"மை கிராண்ட்ஃபாதர் வாஸ் எ ஃபார்மர்." தாத்தா போய் நாலு வருஷம்.

"ஒங்க சித்தப்பன்? முந்தி வேன் ஓட்டிக்கிட்டிருந்தான்ல?"

"மை அங்கிள் வாஸ் எ டிரைவர். நவ் ஹி இஸ் எ ஷாப்கீப்பர்."

கலைமதி சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா அத்தே? வேல மாறுனாலும் 'வாஸ்' வரும்ல? அந்த நெனப்புல அவ அப்பாவுக்கும் எழுதிருப்பா."

"வேல மாறும்," என்றாள் ராக்காயி. "மாறாத ஒண்ணக் கேப்போம். ஒசரம். சித்தப்பன் ஒசரமா?"

"மை அங்கிள் இஸ் டால்."

"தாத்தா?"

"மை கிராண்ட்ஃபாதர் வாஸ் டால்."

"அப்பா?"

இசைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். வேலையை விடலாம், ஊரை விடலாம். வளர்ந்த மனிதன் உயரத்தை விட முடியாது. ஆள் இருந்தால் 'இஸ்'. 'வாஸ்' என்றால் ஒரே அர்த்தம்தான்.

"மை ஃபாதர்..." குரல் தேய்ந்து நின்றது. பிறகு மெல்ல வந்தது. "வாஸ் டால்."

பத்து நாளுக்கு முன்னால் மஸ்கட்டுக்கு வெளியே லாரி கவிழ்ந்து ஆத்மநாதன் இறந்துபோனான். உடலைக் கொண்டுவரப் பேப்பர் இன்னும் தயாராகவில்லை. கொழுந்தன் அருண்குமார்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தான். "பெட்டி வந்து எறங்குற வரைக்கும் அம்மாவுக்குத் தெரியவே கூடாது அண்ணி. புள்ளைக்கும் வேணாம்," என்று சொல்லியிருந்தான். ராக்காயிக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது.

அதனால் கலைமதி பொட்டை அழிக்கவில்லை. காலையில் பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டாள். அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி, போனவனைச் சொல்லி அவள் அழுதது மகளுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதை யாரிடமும் சொல்லாமல், தலையைப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், பரீட்சைத் தாளில் ஒரு வார்த்தையாக எழுதிவிட்டு வந்திருக்கிறது பதினொரு வயசு.

மாமியாரின் கை நெஞ்சுப் பக்கம் போவதைக் கலைமதி பார்த்தாள். பயத்தில் நாக்கு தானாகப் புரண்டது. "ஏய், அசடு! 'இஸ்'னு சொல்லுடி. டீச்சரே திருத்தியிருக்காங்கல்ல? ஒங்க அப்பா வேலயில இருக்காங்க. அந்தப் பாலைவனத்துல டவர் கெடைக்கல, அதான் பேசல."

இசைவாணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்த கெஞ்சல் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக் கண்ணீரை உள்ளே தள்ளி, பாட்டியின் பக்கம் திரும்பினாள்.

"மை ஃபாதர் இஸ் டால். நான்தான் தப்பா எழுதிட்டேன் அப்பத்தா."

ராக்காயி எச்சில் கையை அப்படியே ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் பேத்தியை மடியோடு இழுத்து அணைத்தாள். கலைமதியையும் பார்த்து, பக்கத்தில் வா என்பதுபோல் தலையசைத்தாள்.

"நீ எழுதுனதுதான் சரி ஆத்தா. டீச்சருக்குத்தான் தெரியல."